மேசையைக் காலி செய்யும் முன்: என் குழுவுக்கு ஒரு கடிதம்

தம்பிக்கும் தங்கச்சிக்கும் பெரியண்ணனுக்கும்,

வெள்ளிக்கிழமையோடு நான் கிளம்புகிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம், ஆனால் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்குப் புரியாமல் இருப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ் இப்படியாவது உதவட்டும். தங்கச்சி, நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும், அவசரமில்லை, வீட்டில் பாட்டியிடம் கொடுத்துப் படிக்கச் சொல். நம் நாலாவது மேசைக்காரிக்கு இதையே ஆங்கிலத்தில் தனியாகக் கொடுத்துவிட்டேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

செப்டம்பர் முதல் வாரம் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் பிரிவு 189(3)படி அந்த ஆட்குறைப்புக் கடிதம் வந்தபோது நாம் எல்லாரும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படித்தோம், எத்தனை பேர், எப்போது என்று. கஸ்டம்ஸ் டாகுமெண்டேஷன் வேலையில் பாதி ஜொஹானஸ்பர்க் சிட்டி டீப் ஆபீசுக்குப் போகிறது, டர்பனில் நான்கு கிளார்க்குகளில் இருவர் இருப்பார்கள், சூபர்வைசர் பதவி கிடையாது. என் பதவி போய்விட்டது என்பது ஒரே வரியில் முடிந்துவிட்டது. ஆனால் உங்கள் நால்வரில் யார் என்று முடிவு செய்ய ஒரு மதிப்பெண் தாள், அதை நிரப்ப வேண்டியவள் நான். போகிறவளிடமே இருக்கிறவர்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள்.

ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க்: பிழையில்லாமை, வேகம், வருகை, ஒழுக்கம், எத்தனை வகை வேலை தெரியும். புரட்டாசி நடந்துகொண்டிருந்தது, நான் மத்தியானம் பீன்ஸ் பன்னி சாவ் ரொட்டியை வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். யாருக்குக் குறைத்துப் போடுவது? கடைசியில் எல்லாருக்கும் எல்லாவற்றிலும் நாலு போட்டேன். நால்வருக்கும் 20. யாரையும் விட்டுக்கொடுக்கவில்லை என்ற நிம்மதியோடு மேலே அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் கடிதத்தின் நடுப்பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். மார்க் சமமாக இருந்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் போவார் என்று ஒரு வரி. அதாவது நான் யாரையும் தேர்ந்தெடுக்காததால், சேர்ந்த தேதி தேர்ந்தெடுத்துவிட்டது. தம்பியும் தங்கச்சியும் வெளியே. வேலையைப் பார்த்து மார்க் போட்டிருந்தால் அப்படித்தான் வந்திருக்குமா என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அது தயவு இல்லை, பயம். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்ற பயம்.

கடைசியில் சேர்ந்தவர் முதலில் போவது என்பது சட்டத்துக்கு விரோதமான முறை இல்லை, தெரிந்துகொள்ளுங்கள். பிரிவு 189(7) சொல்வது இவ்வளவுதான்: இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட அளவுகோல், அப்படி ஒத்துக்கொள்ளாவிட்டால் நியாயமான, ஆதாரத்தோடு சரிபார்க்கக்கூடிய அளவுகோல். தேதி யாரும் சரிபார்க்கக்கூடியது. என் நாலுகள்தான் அப்படி இல்லை. ஒருவர் வந்து, ஏன் நாலு என்று கேட்டால் என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

கலந்தாலோசனை இன்னும் முடியவில்லை என்பதால் மேலாளருக்கு எழுதினேன், நான் போட்ட மார்க்குக்கு ஆதாரம் இல்லை, பதிவுகளை வைத்துத் திரும்பப் போட அனுமதியுங்கள் என்று. ஆச்சரியம், ஒத்துக்கொண்டார்கள். நல்லெண்ணம் என்று நான் நினைக்கவில்லை. ஆதாரமில்லாத தாளோடு, வேலைத் தகராறுகளை விசாரிக்கும் சி.சி.எம்.ஏ.யில் போய் நிற்க எந்த எச்.ஆருக்கும் பிடிக்காது.

அப்புறம் இரண்டு சாயங்காலம் வி.ஓ.சி. ரெஜிஸ்டரோடு உட்கார்ந்தேன். நாம் போட்ட எஸ்.ஏ.டி. 500 சுங்கப் படிவம் ஒன்றைத் திருத்தக் கஸ்டம்ஸுக்குத் திருத்த வவுச்சர் அனுப்பும்போதெல்லாம் அதில் ஒரு வரி விழும், பக்கத்தில் என்ட்ரி போட்டவர் பெயர். எச்.ஆர். ஏற்கெனவே அந்தப் பெயர்களை எண்ணி வைத்திருந்தார்கள். அதிகத் திருத்தம் உள்ளவர் அதிகப் பிழை செய்பவர், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு உதாரணம் எழுதுகிறேன், எண்கள் உங்களில் யாருடையதும் அல்ல, முறை புரியட்டும் என்று மாற்றியிருக்கிறேன். ஒருவர் பெயரில் வருடத்துக்கு 14 திருத்தம், இன்னொருவர் பெயரில் 6. பார்த்தவுடன் ஆறுக்காரர்தான் கெட்டி. ஃபைல்களைத் திறந்தால் 14-இல் 9, கஸ்டமர் பிறகு மாற்றி அனுப்பிய இன்வாய்ஸால் வந்தது. கப்பல் கிளம்பியபின் விலையை மாற்றினார்கள், நம் ஆள் கையில் இருந்த காகிதத்தை வைத்துச் சரியாகத்தான் போட்டார். மீதி 5. அவர் போட்டது 620 என்ட்ரி, அதுவும் மோட்டார் பார்ட்ஸ், ஒரு இன்வாய்ஸில் நாற்பது டாரிஃப் கோடு வரும் சரக்கு. ஆறுக்காரர் போட்டது 300, பெரும்பாலும் அரிசி, பருப்பு, ஒரே டாரிஃப் கோடு, ஆறு பிழையும் அவருடையதே. முதல் ஆளுக்கு நூறு என்ட்ரிக்கு ஒன்றுக்கும் குறைவு, இரண்டாம் ஆளுக்கு நூறுக்கு இரண்டு. வெறும் பெயரை எண்ணினால் கஷ்டமான கஸ்டமரை ஏற்றுக்கொண்டவருக்குத்தான் தண்டனை. கஷ்டமான கஸ்டமரை உங்கள் தலையில் கட்டியது நான். அந்த ரெஜிஸ்டரில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது, நான் அதை நிரப்பச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்தியதே இல்லை. அதுவும் என் தப்புத்தான்.

அதனால் நாளையிலிருந்து, எங்கே வேலை செய்தாலும், திருத்தம் போடும் அன்றைக்கே காரணத்தை ஒரு வரி எழுதிவையுங்கள்: கஸ்டமர் இன்வாய்ஸ் மாற்றினார், எந்தத் தேதி மின்னஞ்சல் என்று. ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. நான் தேடியதில் நாலைந்துக்கு யார் காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை, அவை யார் கணக்கிலும் சேராமல் விட்டேன்.

வருகை என்ற தலைப்பிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. டாக்டர் சீட்டோடு எடுத்த சிக் லீவும், வீட்டுக் காரியத்துக்காக வருடத்துக்கு மூன்று நாள் சட்டமே கொடுக்கும் லீவும் சேர்த்து எண்ணியிருந்தார்கள். உரிமையுள்ள லீவை எடுத்ததற்கு எப்படி மார்க் குறைப்பீர்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். அனுமதி இல்லாமல் வராத நாள் மட்டும் என்று மாற்றினார்கள். உங்கள் தாளில் பழைய எண் இருந்தால் உடனே கேளுங்கள்.

புதிய தாள் போன மாதம் போய்விட்டது. முடிவு நான் போனபிறகுதான் வரும். என் திருத்தத்தால் ஒருவர் மேலே போனார், ஒருவர் கீழே வந்தார். கீழே வந்தவரிடம் பார்க்கிங்கில் நானே நேரில் சொன்னேன். நீங்கள் கோபப்பட்டீர்கள், மன்னிப்பு என்று நான் சொன்னதைக் கேட்கவும் இல்லை. அதில் தப்பில்லை. ஆனால் பழைய தாள் சரியாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது, உங்களுக்காகக்கூட. மார்க் பிடிக்காவிட்டால் என்னோடு சண்டை போடுவதைவிட, உங்கள் மதிப்பெண் தாளை ஆதாரங்களோடு காட்டச் சொல்லி எச்.ஆருக்கு எழுதுங்கள். மற்றவர் தாளைக் காட்டமாட்டார்கள், உங்களுடையதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். எது தவறு, எந்த ஃபைல், எந்தத் தேதி என்று குறிப்பிட்டு எழுத்தில் பதில் கொடுங்கள். எழுத்தில் வந்த கருத்துக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்குச் சட்டப்படி உண்டு. வாயால் சொன்னதற்கும் பதில் உண்டு, ஆனால் அது காற்றோடு போகும். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும், இன்று இன்னின்ன பேசினோம் என்று அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அறுபது நாள் அறுபது நாள் என்று கன்டீனில் பேசுகிறார்கள். அது பிரிவு 189ஏ, 50 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில், ஒரு எண்ணிக்கைக்கு மேல் ஆட்குறைப்பு என்றால்தான். நாம் மொத்தம் 46 பேர். நமக்கு நாள் கணக்கு எதுவும் கிடையாது, கலந்தாலோசனை உண்மையாக நடந்திருக்க வேண்டும் என்பதுதான் பாதுகாப்பு. அதனால் அறுபது நாள் இருக்கிறது என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

இனி, நான் மிகவும் பயப்படும் விஷயம். அடுத்த வாரம் யாராவது உங்களைத் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு ஒரு காகிதத்தைத் தள்ளலாம். என்னிடமும் தள்ளினார்கள். மேலே பரஸ்பரப் பிரிவு ஒப்பந்தம் என்று இருந்தது, உள்ளே எல்லாக் கோரிக்கையும் முழுமையாக, இறுதியாகத் தீர்ந்தது என்று ஒரு வரி, நல்ல முறையில் போய்விடலாம் அக்கா என்று ஒரு புன்னகை. சிலருக்கு அது நல்ல பேரமாகவே இருக்கலாம், கூடுதல் பணம் தந்தால். எனக்குத் தந்தது சட்டம் எப்படியும் தரவேண்டிய தொகைதான். கையெழுத்துப் போட்டால் சி.சி.எம்.ஏ.வுக்குப் போகும் வழி அடைபடும், வேறொன்றும் கிடைக்காது. நான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன், கையெழுத்துப் போடவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள் போதும், யாரும் கதவைப் பூட்டமாட்டார்கள்.

ராஜினாமா கடிதம் எழுதிக்கொடு, ரெஸ்யூமேயில் பார்க்க நன்றாக இருக்கும் என்று சொன்னால் மட்டும் நாளைக்கு என்றுகூடச் சொல்ல வேண்டாம். முடியாது என்று சொல்லுங்கள். தானாக ராஜினாமா செய்தவருக்கு யு.ஐ.எஃப். வேலையின்மைப் பணம் கிடையாது. மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் ஒரு சதவீதம் போனதும் அப்போது கைகொடுக்காது. கடைசி நாளில் யு.ஐ.19 படிவத்தை வாங்கும்போது காரணம் என்ற இடத்தில் ஆட்குறைப்பு என்று இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். ராஜினாமா என்று தவறாகப் போட்டுவிட்டால் திருத்த அலைய வேண்டும். நான்கு நாள் வேலைக்கு ஒரு நாள் பயன் என்று சேரும், அதிகபட்சம் 365. யுஃபைலிங்கில் போடலாம், முடியாவிட்டால் லேபர் சென்டருக்கு நேரில் போகலாம். வேலை போனதிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, பணக் கணக்கு. தம்பி, நீ கேட்டாய் அல்லவா, உன் கணக்கு மாதிரியே ஒன்று போட்டுக் காட்டுகிறேன். மூன்று வருடம் ஏழு மாத சர்வீஸ், அடிப்படைச் சம்பளம் 13,000 ராண்ட், பிராவிடண்ட் ஃபண்டுக்குக் கம்பெனி தன் பங்காக 1,300 போடுகிறது என்று வைத்துக்கொள். செவரன்ஸ் என்பது முழுதாக முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம். அந்த ஏழு மாதம் கணக்கில் வராது, மூன்று வாரம்தான். நோட்டீஸ், ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு நான்கு வாரம். வேலை செய்யாமல் அனுப்பினால் அதைப் பணமாகத் தர வேண்டும். எடுக்காத லீவ் 11 நாள் என்று வை.

இப்போது ஒரு வாரம் என்றால் எவ்வளவு? மாதத் தொகையை மூன்றால் பெருக்கி 13-ஆல் வகுக்க வேண்டும். எச்.ஆர். 13,000-ஐ வைத்துப் போடுவார்கள், வாரம் 3,000 வரும். ஆனால் இந்தக் கணக்குக்கு ஃபண்டுக்குக் கம்பெனி போடும் பங்கும் சம்பளத்தில் சேர வேண்டும் என்று அரசாங்க அறிவிப்பு இருக்கிறது. அப்போது 14,300, வாரம் 3,300. மூன்று வார செவரன்ஸ் 9,900, நான்கு வார நோட்டீஸ் 13,200, லீவ் நாளுக்கு 660 வீதம் 7,260. மொத்தம் 30,360. அடிப்படையை மட்டும் வைத்தால் 27,600. வித்தியாசம் 2,760 ராண்ட், பெரிய பணம் இல்லைதான், ஆனால் ஒரு மாத மளிகை. என் கணக்கிலும் முதலில் அடிப்படையை மட்டும்தான் போட்டிருந்தார்கள். கேட்டேன், மாற்றினார்கள். ஏமாற்று என்று சொல்லமாட்டேன், சம்பள சாஃப்ட்வேரில் அப்படித்தான் வருகிறது. கேட்கிறவருக்கு மட்டும் திருத்துகிறார்கள்.

செவரன்ஸ் பகுதி வரியில் தனியாகப் பார்க்கப்படும். வாழ்நாளில் முதல் 550,000 ராண்ட் வரைக்கும் வரி இல்லை, முன்பு அந்த வரம்பை எதற்கும் பயன்படுத்தாமல் இருந்தால். நோட்டீஸ் பணமும் லீவ் பணமும் சாதாரணச் சம்பளம் மாதிரியே வரி போகும். செவரன்ஸ் கொடுக்கும் முன், எவ்வளவு வரி பிடிப்பது என்று கம்பெனி வரித்துறையான சார்ஸிடம் ஒரு டைரக்டிவ் வாங்க வேண்டும், அது வர நாளாகும். எனக்கு அது திரும்பி வந்தபோது கூடவே ஒரு பழைய பாக்கியும் வந்தது, நாலு வருடத்துக்கு முன்னால் ரிட்டர்ன் போட மறந்த வருடம். நேராகத் தொகையிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். இந்த வாரமே இ-ஃபைலிங்கில் போய் உங்கள் பாக்கி ரிட்டர்ன்களைப் பாருங்கள். குறிப்பாகப் பெரியண்ணன்.

மாற்று வேலை பற்றி ஒன்று. உங்களில் ஒருவருக்கு சிட்டி டீப் வேலை வரக்கூடும். எனக்கும் வந்தது, கிளார்க் சம்பளத்தில். கம்பெனி தரும் மாற்று வேலையைக் காரணமில்லாமல் மறுத்தால் செவரன்ஸ் உரிமை போகும். வெறுமனே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வராதீர்கள். நான் என் காரணங்களை எழுதிக்கொடுத்தேன்: சம்பளம் குறைகிறது, பதவி குறைகிறது, சாட்ஸ்வொர்த்தில் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், அழைத்துப்போக என்னைத் தவிர யாரும் இல்லை, வீடு மாற்றும் செலவு பற்றிக் கம்பெனி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பதினாலு வருடத்துக்குப் பதினாலு வாரம் தருகிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். அதே சம்பளத்தில் இதே டர்பனில் வேறு மேசை கொடுத்திருந்தால் நான் மறுத்தது எடுபட்டிருக்காது. தங்கச்சி, உன் வயதில் சிட்டி டீப் மோசமில்லை, ஆனால் சம்பளத்தையும் பழைய சேர்ந்த தேதியையும் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போ. சேர்ந்த தேதி புதிதாகப் போட்டால் அடுத்த முறை கடைசியில் சேர்ந்தவர் நீதான்.

முடிவு வந்து அது நியாயமில்லை என்று பட்டால், வேலை போன நாளிலிருந்து 30 நாள்தான். எல்.ஆர்.ஏ. 7.11 படிவம், சி.சி.எம்.ஏ.வில் காசு கிடையாது, வக்கீல் தேவையில்லை. படிவத்தின் ஒரு பிரதியைக் கம்பெனிக்கு அனுப்பியதற்கு அத்தாட்சி வேண்டும், அதை மறந்துதான் பலர் திரும்ப அலைகிறார்கள். யாரோடாவது பேசிப் பார்ப்போம், தீபாவளி போகட்டும் என்று நாளைக் கடத்தினால் 31-ஆவது நாள் தாமதத்துக்கு மன்னிப்பு கேட்டுத் தனி மனு எழுத வேண்டும்.

உங்கள் மூவருக்கும் அனுபவக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு உங்கள் டிராயரில் வைத்திருக்கிறேன். கம்பெனி தரும் சர்வீஸ் சான்றிதழ் வேறு, அது சட்டப்படி தரவேண்டியது, கேட்டு வாங்குங்கள், அதில் பதவியும் தேதியும்தான் இருக்கும். என்னுடையதில் எத்தனை டாரிஃப் கோடு, எந்த வகைச் சரக்கு, எத்தனை என்ட்ரி என்று எண்ணோடு எழுதியிருக்கிறேன். ரெஜிஸ்டரோடு உட்கார்ந்த இரண்டு சாயங்காலம் இதற்காவது பயன்பட்டது. யாராவது போன் செய்து கேட்டால் அதையே சொல்வேன்.

அப்புறம் வேலை விஷயம். டாரிஃப் குறிப்பு நோட்டு மூன்றாவது டிராயரில், கஸ்டம்ஸ் அனுப்பிய பழைய ஸ்டாப் நோட்டுகளுக்கு என்ன பதில் கொடுத்தோம் என்பது அதன் பின்பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறது. திங்கட்கிழமை கப்பலில் ஜெர்மன் பார்ட்ஸ் நாலு கண்டெய்னர் வருகிறது, பியர் 2. சரக்கு எந்த நாட்டுடையது என்று காட்டும் இ.யு.ஆர்.1 சான்றிதழ் ஒரிஜினல் இன்னும் வரவில்லை, கூரியர் வியாழன் என்று சொல்கிறார்கள். அது இல்லாமல் சலுகை வரியில் என்ட்ரி போட்டுவிடாதீர்கள், அப்புறம் அந்தத் திருத்தமும் உங்கள் பெயரில்தான் விழும். பேஹெட் ரோட்டில் லாரி நிற்கிறது, டெமரேஜ் ஏறுகிறது என்று கஸ்டமர் கத்துவார். கத்தட்டும். வியாழன் சாயங்காலம் வரை வரவில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள், சொந்த நம்பருக்கு.

அக்கா